நாற்பத்தொன்பது பேருக்குக் கொடுத்த தள்ளுபடி

நங்கநல்லூரில் ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு நானும் என் அத்தை மகனும் சின்ன கிளினிக்குகளுக்கான மென்பொருள் ஒன்றை நடத்துகிறோம். அப்பாயின்ட்மென்ட் போடுவது, பில் அடிப்பது, நோயாளிக்கு நினைவூட்டல் அனுப்புவது, அவ்வளவுதான் அதன் வேலை. பல் டாக்டர்கள், பிசியோதெரபி வைத்திருப்பவர்கள், தெருமுனையில் தனியாக கிளினிக் நடத்தும் டாக்டர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். மாதச் சந்தா 1,200 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம்.

2023 ஏப்ரலில் எங்களிடம் மாதாமாதம் பணம் கட்டுகிறவர்கள் 240 பேர். ஜிஎஸ்டி போக மாத வரவு 2,88,000. செலவு ஏறக்குறைய 2,60,000. பிழைப்பு ஓடுகிறது, ஆனால் கையில் காசு நிற்காது. மே மாதம் சர்வருக்கு ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் நல்ல சலுகை கிடைக்கும் என்ற நிலை. அதற்கு 1,10,000 வேண்டும். தீபாவளிக்கு போனஸ் 1,20,000. இந்த இரண்டுக்கும் வழி தேடித்தான் ஆண்டுச் சந்தா யோசனை வந்தது.

விலை வைக்க அரை நாள்கூட எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாரும் "இரண்டு மாதம் இலவசம்" என்கிறார்கள், நாமும் சொல்வோம். பத்து மாதப் பணம், 12,000 ரூபாய், வருடம் முழுக்கப் பயன்படுத்திக்கொள்ளலாம். 240 பேருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரே செய்தி அனுப்பினோம். பத்து நாளில் 72 பேர் கட்டிவிட்டார்கள். கணக்கில் ஜிஎஸ்டியோடு சேர்த்து 10,19,520 ரூபாய். அன்று ராத்திரி பிரியாணி வாங்கினோம், அதை மறைப்பானேன்.

முதல் அடி மே 20ஆம் தேதி விழுந்தது. சேவைக்கு முன்பணம் வாங்கினால், வாங்கிய மாதத்துக்கே மொத்த ஜிஎஸ்டியும் கட்ட வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்துக் கட்ட முடியாது. 1,55,520 அப்படியே போனது. அது நம் பணமே இல்லை என்பது தெரிந்ததுதான். ஆனாலும் கணக்கில் பத்து லட்சத்தைப் பார்த்த கண்ணுக்கு 8,64,000 பிடிக்கவில்லை.

மிச்சத்தை என்ன செய்தோம்? சர்வருக்கு 1,10,000. அப்புறம், காசு இருக்கிறதே என்று கொஞ்சம் பெரிய அறைக்கு மாறினோம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். 18,000 வாடகைக்கு 1,80,000 கொடுத்தோம். தீபாவளிக்கு 1,20,000. ஆக 4,10,000 போய் 4,54,000 இருக்க வேண்டும். ஆனால் அந்த 72 பேரும் இனி மாதாமாதம் கட்ட மாட்டார்கள் அல்லவா? மாத வரவு 2,01,600 ஆகச் சுருங்கிவிட்டது. புதிதாக வருகிறவர்களும் விட்டுப் போகிறவர்களும் ஏறக்குறைய சரிசமம். செலவு மட்டும் அதே 2,60,000. மாதம் 58,400 பள்ளம். மே முதல் நவம்பர் வரை ஏழு மாதத்தில் நாலு லட்சத்துக்கு மேல் அந்தப் பள்ளத்தில் போனது. டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் கையில் இருந்தது 45,000 சொச்சம். பாதிப் பேர் கிளினிக் பூட்டிக் கிடந்த அந்த வாரத்தில் சம்பளத்துக்கு மாமாவிடம் கைமாற்று வாங்கினேன்.

பள்ளம் எங்கே விழுந்தது என்று பார்க்க உட்கார்ந்தது அதற்கப்புறம்தான். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பேச்சு. சந்தா கட்டி மூன்று வருடமாக எங்களோடு இருக்கும் பல் டாக்டரம்மா ஒருவர், எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி கிளினிக். பிரின்டர் கோளாறு என்று கூப்பிட்டிருந்தார். சரிசெய்துவிட்டுக் கிளம்பும்போது, "மேடம், ஆண்டுச் சந்தா எப்படி இருக்கு? மாதச் சந்தாவிலேயே இருந்திருந்தால் விட்டுப் போயிருப்பீங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "நான் எங்கே தம்பி போகப் போறேன்? என் பேஷன்ட் ரெக்கார்டு எல்லாம் இதுலதான் இருக்கு. ரெண்டு மாசம் சும்மா தர்றேன்னு நீங்கதான் மெசேஜ் அனுப்பினீங்க. வேண்டாம்னு சொல்ல முடியுமா?"

வீட்டுக்கு வந்து 72 பேரின் பட்டியலை எடுத்தேன். சலுகை அறிவித்த நாளில் ஒவ்வொருவரும் எங்களோடு எத்தனை மாதம் இருந்தவர்கள் என்று பிரித்துப் பார்த்தேன். ஒரு வருடத்துக்கு மேல் இருந்தவர்கள் 49 பேர். நாலு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில் 15 பேர். நாலு மாதத்துக்குக் குறைவானவர்கள் வெறும் எட்டுப் பேர்.

இந்த மூன்று வகையினரும் மாதச் சந்தாவிலேயே இருந்திருந்தால் அடுத்த பன்னிரண்டு மாதத்தில் எத்தனை மாதம் பணம் கட்டியிருப்பார்கள்? அதற்கு ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை, பழைய வருடத்தைப் பார்த்தால் போதும். 2022 ஏப்ரல் 1 அன்று இருந்த வாடிக்கையாளர்களை எடுத்து, அடுத்த ஒரு வருடத்தில் ஒவ்வொருவரும் எத்தனை முறை கட்டினார்கள் என்று எண்ணினேன். அப்போது ஆண்டுச் சந்தா என்ற பேச்சே கிடையாது, அதனால் கணக்கில் கலப்படம் இல்லை. ஒரு ஷீட்டில் வாடிக்கையாளர் எண்கள், இன்னொன்றில் வரவுப் பட்டியல், F1 கட்டத்தில் தொடங்கும் தேதி:

```
=COUNTIFS(payments!A:A, A2,
  payments!B:B, ">="&$F$1,
  payments!B:B, "<"&EDATE($F$1,12))
```

இதை எல்லா வரிசைக்கும் இழுத்து, எங்களோடு இருந்த காலத்தை வைத்துப் பிரித்துச் சராசரி எடுத்தேன். ஒரு வருடத்துக்கு மேலானவர்கள் சராசரி 11.5 மாதம் கட்டியிருந்தார்கள். நடுவில் இருந்தவர்கள் 10.3. புதியவர்கள் 7.4.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நான் ஏமாந்த இடம் இதுதான். 2023 ஏப்ரலில் 240 பேரில் பழையவர்கள் 110, நடுவில் 70, புதியவர்கள் 60. எல்லாரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 10.1 மாதம் வருகிறது. அதாவது ஒரு வாடிக்கையாளர் எப்படியும் வருடத்துக்குப் பத்து மாதம்தான் கட்டுவார், பத்து மாதப் பணத்தை முன்கூட்டியே வாங்கினால் நஷ்டமே இல்லை என்று தோன்றும். இந்தச் சராசரியைக் காட்டி யார் கேட்டாலும் நானும் தலையாட்டியிருப்பேன். ஆனால் சலுகையை எடுத்துக்கொண்டவர்கள் 240 பேரின் சராசரி இல்லை. யாருக்கு இந்த மென்பொருள் இல்லாமல் கிளினிக் ஓடாதோ அவர்தான் வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டத் துணிவார். ரெண்டு மாதத்தில் விட்டுப் போகலாமா என்று யோசிக்கிறவர் ஏன் பன்னிரண்டாயிரம் கொடுப்பார்?

எடுத்தவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டேன். பழைய 49 பேரிடம் தலைக்கு ஒன்றரை மாதம் விட்டுக்கொடுத்தோம், மொத்தம் 73.5 மாதம். நடுவில் 15 பேரிடம் 4.5 மாதம். புதிய எட்டுப் பேரிடம் 7.4 மாதம் வர வேண்டிய இடத்தில் பத்து வந்தது, அதனால் 20.8 மாதம் லாபம். கூட்டிக் கழித்தால் 57.2 மாதம் கைவிட்டுப் போனது. 1,200ஆல் பெருக்கினால் 68,640 ரூபாய்.

சரி, 68,640 கொடுத்து எட்டரை லட்சத்தை முன்கூட்டியே வாங்கினோம், இது மோசமா என்று அத்தை மகன் கேட்டான். நியாயமான கேள்விதான். எல்லாரையும் ஒரே மூட்டையாகக் கட்டியதால்தான் அந்த எண் சின்னதாகத் தெரிந்தது. டாக்டரம்மாவைப் போல் எங்கேயும் போகாத ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மாதச் சந்தாவில் இருந்தால் இன்று ஒரு மாதப் பணம், அப்புறம் பதினொரு மாதம் மாதத்துக்கு ஒன்று. ஆண்டுச் சந்தாவில் இன்றே பத்து மாதப் பணம். ஆக இன்று அவரிடம் கூடுதலாக ஒன்பது மாதப் பணம் வாங்கி, அடுத்த பதினொரு மாதம் மாதம் ஒன்றாகத் திருப்பிக் கட்டுகிறோம். இது கடன், வேறொன்றும் இல்லை. வட்டி எவ்வளவு என்று ஷீட்டே சொல்லும்:

```
=RATE(11,-1,9)
```

3.5 சதவீதம் என்று வந்தது. மாதத்துக்கு. நம் ஊர்க் கணக்கில் மூன்றரை வட்டி. எங்கள் வங்கி ஓவர்டிராஃப்ட் கடனுக்கு வருடம் 12 சதவீதம், அதாவது ஒரு வட்டி. மாமா கைமாற்றுக்கு வட்டியே கேட்கவில்லை. இரண்டும் இருக்கும்போது, நம்மைவிட்டுப் போகவே போகாத 49 பேரிடம் மூன்றரை வட்டிக்குக் கடன் வாங்கி, அதில் அறை அட்வான்ஸ் கொடுத்திருக்கிறோம். அத்தை மகன் அதற்கப்புறம் பேசவில்லை.

அந்த வாய்ப்பாட்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒரு மாதம் மட்டும் இலவசம் என்றால் RATE(11,-1,10), ஒன்றே முக்கால் வட்டிக்குச் சற்றுக் கீழே, 1.6. வங்கியின் ஒரு வட்டிக்குச் சமமாக வேண்டுமானால் சலுகை அரை மாதத்துக்குச் சற்று மேல்தான் இருக்க முடியும், ஏறக்குறைய 5 சதவீதம். நிச்சயம் தங்குகிறவர்களுக்கு அதற்கு மேல் கொடுப்பது எல்லாம் தானம். ஓவர்டிராஃப்ட் கிடைக்காத ஆரம்பகால நிறுவனத்துக்கு இந்தக் கோடு வேறு இடத்தில் விழும். வெளியில் இரண்டு வட்டிக்குத்தான் பணம் கிடைக்கும் என்றால் ஒரு மாதம் கொடுப்பதுகூட மலிவுதான். அவரவர் கடன் விலையைத் தெரிந்துகொண்டு சலுகையைத் தொட வேண்டும்.

அடுத்து எங்கள் தேவையைத் திரும்பிப் பார்த்தோம். உண்மையில் எவ்வளவு வேண்டியிருந்தது? சர்வருக்கும் போனஸுக்கும் சேர்த்து 2,30,000. தலைக்கு 12,000 என்றால் இருபது பேர் போதும். நாங்கள் 72 பேரை இழுத்துப்போட்டோம். தேவைக்கு மேல் வந்த ஒவ்வொரு ஆண்டுச் சந்தாவும் அடுத்த வருட மாதவரவில் ஓட்டை போட்டதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை.

ஆகவே இரண்டாம் முறை வேறு மாதிரி செய்தோம். 2024 பிப்ரவரியில் தொடங்கினோம். ஒரு வருடத்துக்கு மேலானவர்களுக்குச் சலுகைச் செய்தியே அனுப்புவதில்லை. ஆண்டுக்கணக்கில் கட்டுகிறேன் என்று அவர்களாகக் கேட்டால் உண்டு, பதினொரு மாதப் பணம். பத்து மாத விலை புதியவர்களுக்கு மட்டும், அதுவும் இரண்டாவது மாதப் பணம் வந்த பிறகு. ஏன் இரண்டாவது? முதல் மாதத்திலேயே கேட்டால் இன்னும் ஊழியருக்கே பழகாத மென்பொருளுக்கு வருடப் பணமா என்று பயப்படுகிறார்கள், கட்டியவர்களும் பாதியில் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். முந்தைய எட்டுப் பேரில் இரண்டு பேர் அப்படிக் கேட்டார்கள். எழுத்தில் எதுவும் இல்லாததால் வாக்குவாதம் ஆனது.

இந்த முறை திருப்பித் தரும் விதியைப் பில்லிலேயே அச்சிட்டோம்: பயன்படுத்திய மாதங்களுக்கு முழு மாத விலை, மிச்சம் திரும்பும். நாலு மாதத்தில் ஒருவர் போனால் நாலு 1,200, ஆக 4,800 எடுத்துக்கொண்டு 7,200 திருப்பித் தருவோம். பன்னிரண்டாயிரத்தைப் பன்னிரண்டால் வகுத்துத் திருப்பினால், விட்டுப் போகிறவருக்கும் இரண்டு மாதச் சலுகையில் பங்கு கொடுத்ததாகிவிடும். திருப்பித் தரும் தொகைக்கான ஜிஎஸ்டியை ஏற்கெனவே கட்டிவிட்டோமே என்று கேட்டேன். கிரெடிட் நோட் போட்டு அந்த மாத ரிட்டர்னில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றார் ஆடிட்டர் சார்.

இன்னொரு விஷயத்திலும் பிடிவாதமாக இருந்தேன். புதியவர்கள் எல்லாருக்கும் சலுகை காட்டக் கூடாது. வாடிக்கையாளர் எண் இரட்டைப்படை என்றால் காட்டுவோம், ஒற்றைப்படை என்றால் காட்ட மாட்டோம். அத்தை மகனுக்குக் கோபம். "பாதிப் பேரிடம் காசு வாங்கும் வாய்ப்பை நாமே கெடுத்துக்கணுமா மச்சான்?" என்றான். காரணம் இருந்தது. புதியவர்களிலும் யார் எடுப்பார்? தங்கும் எண்ணம் உள்ளவர்தான் எடுப்பார். அவர் மாதச் சந்தாவில் இருந்திருந்தால் 7.4 மாதம்தான் கட்டியிருப்பார் என்று எப்படிச் சொல்வது? முதல் கணக்கில் நான் எழுதிய 20.8 மாத லாபமே அதனால் கொஞ்சம் ஊதிய எண்தான். சலுகையே காட்டாத ஒரு கூட்டம் பக்கத்தில் இல்லாமல் இது தெரியாது.

பிப்ரவரி முதல் ஜூலை வரை இரண்டாம் மாதப் பணம் கட்டிய புதியவர்கள் 88 பேர். இரட்டைப்படை 45, ஒற்றைப்படை 43. அந்த இரண்டாம் பணம் வந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் எண்ணினோம். கடைசி ஆளுக்கு 2025 ஜூலையில்தான் முடிந்தது.

ஒற்றைப்படைக்காரர்கள் சராசரி 8.3 மாதம் கட்டினார்கள். இரட்டைப்படையில் 14 பேர் ஆண்டுச் சந்தா எடுத்தார்கள். அதில் ஒருவர் நாலாம் மாதம் கிளினிக்கை மூடிவிட்டார், விதிப்படி நாலு மாதத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பினோம். பதிமூன்று பேரிடம் பத்து மாதம், அவரிடம் நாலு, ஆக 134 மாதம். சலுகையைத் தொடாத 31 பேர் சராசரி 7.9 மாதம் கட்டினார்கள். 45 பேரையும் சேர்த்துச் சராசரி 8.4.

எடுத்த 14 பேரையும் எடுக்காத 31 பேரையும் மட்டும் ஒப்பிட்டால் 9.6க்கு 7.9, ஆண்டுச் சந்தா ஆட்களைத் தக்கவைக்கிறது என்று மார்தட்டலாம். ஆனால் சரியான ஒப்பீடு சலுகை காட்டிய மொத்தக் கூட்டத்துக்கும் காட்டாத மொத்தக் கூட்டத்துக்கும் இடையில்தான், எடுத்தவர் எடுக்காதவர் எல்லாரும் சேர. அது 8.4க்கு 8.3. இவ்வளவு சின்னக் கூட்டத்தில் அந்த 0.1க்கு அர்த்தமே கிடையாது, ஒருவர் கூடக் குறைய இருந்தால் புரண்டுவிடும். வருமானம் கூடவில்லை என்றே எடுத்துக்கொண்டோம். ஆனால் குறையவும் இல்லை. 1,68,000 ரூபாய் முன்கூட்டியே வந்தது, ஒருவருக்குத் திருப்பிய 7,200 போக மிச்சமெல்லாம் ஏறக்குறைய வட்டியில்லாமல். முதல் முறை மூன்றரை வட்டிக்கு வாங்கியதை நினைத்தால் இதுவே பெரிது. ஒற்றைப்படை ஆட்களை விட்டுவைத்ததற்கு அத்தை மகன் இப்போது கோபப்படுவதில்லை.

இடையில் 2024 ஏப்ரலில் அந்தப் பழைய 49 பேரின் புதுப்பித்தல் வந்தது. பத்து மாத விலையைப் பதினொன்றாக ஏற்றினோம், நாற்பத்தைந்து நாள் முன்னாலேயே தகவல் சொன்னோம். யாரும் சண்டைக்கு வரவில்லை. ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்று கழுத்தைப் பிடித்தது.

பதினொரு மாதம் என்றால் 13,200. ஜிஎஸ்டி 2,376 சேர்த்தால் 15,576. ஆட்டோபேயில் ஓடிபியோ பின் நம்பரோ கேட்காமல் எடுக்கும் வரம்பு ஒரு முறைக்கு 15,000. 2022இல் ரிசர்வ் வங்கி 5,000லிருந்து ஏற்றிய வரம்பு அது. முந்தைய 12,000 விலையில் ஜிஎஸ்டியோடு 14,160தான், தானாகப் போய்விடும். இப்போது 576 ரூபாய்க்காக ஒவ்வொரு டாக்டரும் போனை எடுத்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். பேஷன்டின் வாயில் கையை விட்டுக்கொண்டிருக்கும் பல் டாக்டர் எப்படிக் கொடுப்பார்? தோல்வி, தோல்வி என்று வரிசையாகச் செய்தி வந்தது. சப்போர்ட்டில் இருக்கும் அக்கா இரண்டு வாரம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு யுபிஐ லிங்க் அனுப்பி வசூல் செய்தார்கள்.

முடிவில் 31 பேர் பதினொரு மாத விலையைக் கட்டினார்கள். 14 பேர் மாதச் சந்தாவுக்குத் திரும்பினார்கள். நாலு பேர் போனார்கள், அதில் மூன்று பேர் கிளினிக்கையே மூடியவர்கள். விலை ஏறியதால் போனவர் என்று சொல்லக்கூடியவர் ஒருவர்தான். அந்த 14 பேர் மாதச் சந்தாவுக்குத் திரும்பியதை அத்தை மகன் தோல்வி என்று குறித்துவைத்திருந்தான். நான் அடித்துத் திருத்தினேன். அவர்கள் பன்னிரண்டு மாதமும் கட்டினால் பத்துக்குப் பதில் பன்னிரண்டு வருகிறது.

கேட்டால் கொடுக்கும் விலையை இந்த அனுபவத்துக்கு அப்புறம் 12,700 ஆக்கினோம். ஜிஎஸ்டியோடு 14,986. ஆட்டோபே வரம்புக்குள் பதினான்கு ரூபாய் மிச்சம். பதினொரு மாத விலையைவிட 500 குறைவு, கணக்குப்படி இரண்டே கால் வட்டிக்குச் சற்று மேலாகிறது. என் ஒரு வட்டிக் கோட்டுக்கு மேலேதான். ஆனாலும் அக்காவின் இரண்டு வார உழைப்பையும், தோல்வியடைந்த புதுப்பித்தலில் "வேற எதையாவது பார்க்கலாமா" என்று ஒரு டாக்டர் யோசிக்கத் தொடங்கும் ஆபத்தையும் எடைபோட்டால், 500 ரூபாய் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் இருக்கலாம். உங்கள் மாத விலை வேறாக இருந்தால் இந்தச் சிக்கலே வராமலும் போகலாம், விலையை 1.18ஆல் பெருக்கிப் பார்த்துவிடுங்கள். எங்கள் ஆட்களுக்கு இன்னொன்றும் உண்டு: மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் கிளினிக்குகள் எங்களிடம் கட்டும் ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்க முடியாது. அவர்கள் பார்ப்பது 12,700ஐ அல்ல, 14,986ஐத்தான். அதனால் செய்தியிலும் அந்தத் தொகையையே எழுதுகிறோம்.

வந்த பணத்தை வைக்கும் விதமும் மாறியது. ஆண்டுச் சந்தா வந்ததும் ஜிஎஸ்டியை அன்றே பிரித்து ஒரு கணக்குக்கு, மிச்சத்தை இன்னொரு கணக்குக்கு மாற்றிவிடுகிறோம். அதிலிருந்து மாதம் பன்னிரண்டில் ஒரு பங்கு நடப்புக் கணக்குக்கு வரும். சர்வரும் போனஸும் மட்டும் அந்த இருப்பிலிருந்து கடனாக எடுக்கலாம், எடுத்ததை எழுதிவைக்க வேண்டும். 2023இலேயே இப்படிச் செய்திருந்தால், 8,64,000இல் மாதம் 72,000 வந்து, மாத வரவு 2,73,600 என்று தெரிந்திருக்கும். முந்தைய 2,88,000க்கும் அதற்கும் இடையிலான 14,400தான் நாங்கள் கொடுத்த தள்ளுபடி. முதல் மாதமே கண்ணில் பட்டிருக்கும், புயல் வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

2025 ஆகஸ்டிலிருந்து புதியவர்களுக்கும் 12,000க்குப் பதில் 12,700 காட்டிப் பார்க்கிறோம், அதே இரட்டைப்படை ஒற்றைப்படைப் பிரிவினையில். எடுப்பவர் எண்ணிக்கை குறைந்தாலும் வருடத்துக்கு இருபது பேர் தேறினால் போதும். எண்ணி முடிக்க இன்னும் காலம் இருக்கிறது.

டாக்டரம்மா அந்த 14 பேரில் ஒருவர். புதுப்பித்தலுக்கு அக்கா கூப்பிட்டபோது, "மாசம் மாசமே எடுத்துக்கோங்கம்மா, ஓடிபி எல்லாம் என்னால பார்க்க முடியாது" என்று சொல்லிவிட்டார். இன்று வரை மாதம் 1,416 தவறாமல் போகிறது. பிரின்டர்தான் மறுபடியும் கோளாறாம், நாளைக்குப் போக வேண்டும்.